வட்டிய குறைக்க சொல்லி லெட்டரா, இல்ல லோனையே வேற பேங்க்குக்கு மாத்திடலாமா?

வேளச்சேரி ஃபிளாட்டுக்கு 2020ல எடுத்த லோன், இன்னும் 40 லட்சம் பாக்கி, 15 வருஷம் ஓடணும். எனக்கு வட்டி 8.75, அதே பேங்க்ல இன்னைக்கு புதுசா வாங்குறவங்களுக்கு 7.75. ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்கு கடன் குடுக்குற ரேட்டான ரெப்போ 5.25 ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அதுக்கு மேல பேங்க் போடுற ஸ்ப்ரெட் எனக்கு 3.5, அவங்களுக்கு 2.5. ரெப்போ குறைஞ்சா வட்டி தானா குறையும், ஆனா ஸ்ப்ரெட்ட நாம கேட்டாத்தான் தொடுவாங்க.

முதல் தடவ பிராஞ்ச்ல போய் பசங்க ஃபீஸ், வீட்டு செலவுன்னு சொன்னேன், மேனேஜர் நல்லாத்தான் பேசினாரு, ஆனா முடிவு அவர் கையில இல்ல, மேல அனுப்புற ஃபைல்ல இதெல்லாம் எழுத இடமே கிடையாது. ரெண்டாவது தடவ ஒரு பக்க லெட்டர். சிபில் ஸ்கோர் 728ல இருந்து 790 ஆயிடுச்சு, ஒரு இஎம்ஐ கூட பவுன்ஸ் ஆகல, வீட்டு மதிப்புல பாதிகூட இப்ப கடன் இல்ல, உங்க புது கஸ்டமர் ரேட் இது, இன்னொரு பேங்க் 7.50க்கு குடுத்த சாங்ஷன் லெட்டர் காப்பி இதோன்னு எழுதினேன். இதுல சிபில்தான் முக்கியம், ஏன்னா நம்ம ரிஸ்க்குக்காக போடுற பங்க, நம்ம கிரெடிட் நிலைமை நல்லா மாறினாத்தான் மாத்தலாம்னு ஆர்பிஐ ரூலே இருக்கு. ஸ்ப்ரெட்டோட மத்த பங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவதான் மாத்தலாம்னு இருந்துச்சு, 2025 அக்டோபர்ல இருந்து கஸ்டமர தக்கவைக்க முன்னாடியே குறைக்கலாம். அதனால "ரூல் இடம் கொடுக்கல சார்"னு சொன்னா இத எடுத்து சொல்லுங்க.

7.75க்கு ஒத்துக்கிட்டாங்க, கன்வெர்ஷன் ஃபீஸ் ஜிஎஸ்டியோட 11,800. இஎம்ஐ 39,978ல இருந்து 37,651.

அப்போ 7.50 குடுக்குற பேங்க்குக்கு ஏன் போகலன்னு தம்பி கேட்டான். அங்க இஎம்ஐ 37,080, மாசம் 571 ரூபா இன்னும் கம்மி, உண்மைதான். ஃப்ளோட்டிங் லோன்ங்கிறதால பழைய பேங்க் முன்கூட்டி அடைக்க அபராதமும் போட முடியாது. ஆனா நம்ம ஊர்ல வீட்டு பத்திரத்த பேங்க்ல அடமானமா வச்சதுக்கான எம்ஓடிய புதுசா பதியணுமே, ஸ்டாம்ப் டூட்டி அர பர்சென்ட் 20,000, ரிஜிஸ்ட்ரேஷன் 6,000, ப்ராசஸிங், லீகல், வேல்யுவேஷன்னு இன்னொரு 15,000, ஆக 41,000. இங்க கட்டின 11,800 போக அதிகப்படி 29,200ஐ 571 வச்சு வகுத்தா 51 மாசம் கழிச்சுத்தான் லாபமே ஆரம்பிக்குது, அதுக்குள்ள ஃபிளாட்ட வித்தாலோ லோன அடைச்சாலோ நஷ்டம். பழைய எம்ஓடிக்கு ரசீது பதிஞ்சு வில்லங்கத்துல ஏறுற வரைக்கும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் அலைச்சல் தனி.

உங்க பேங்க் இறங்கவே இல்லன்னா கத வேற, 8.75லயே இருக்கிறதுக்கு 41,000 குடுத்து கிளம்புறதுதான் சரி, ஒன்றர வருஷத்துலயே திரும்பிடும்.

குறைச்சதும் நான் இஎம்ஐய பழைய 39,978லயே வைக்க சொல்லிட்டேன், 180 மாசம் 162 ஆயிடுச்சு. அத எழுத்துல கேட்டு, அடுத்த மாசம் ஸ்டேட்மென்ட்ல ரேட்டும் மீதி மாசமும் ரெண்டுமே மாறியிருக்கான்னு பாருங்க.