தளர்ந்த கவராயமும் ஒரு வரைமுறைக் கேள்வியும்: ஏழு ஆண்டு அனுபவம்

போன வாரம்தான் என் கவராயத்தின் திருகைக் கழற்றி, உள்ளே ஒரு மெல்லிய வாஷர் வைத்து மறுபடி இறுக்கினேன். ஏழு ஆண்டுகளில் இது மூன்றாவது முறை. பென்சிலைச் செருகி வளையத்தால் இறுக்கும் சாதாரண வகை இது. ஊசி இன்னும் கூராகவே இருக்கிறது, கால்கள் வளையவில்லை. என்னைத் தொடர்ந்து எரிச்சல்படுத்துவது மேல்மூட்டு ஒன்றுதான். சில மாதம் ஒழுங்காக இருக்கும், அப்புறம் வில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் விரியும்.

இறுக்கி முடித்த அன்றே நண்பர் ஒருவர் மகளின் வடிவியல் வினாத்தாளைப் படமெடுத்து அனுப்பி, "ஆறாவது கேள்விக்கு வரைமுறையை வார்த்தையில் எழுதித் தாங்க, அப்படியே எந்தக் கவராயம் வாங்கலாம்னும் சொல்லுங்க" என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இது: BC = 6 செ.மீ., கோணம் A = 60°, A-யிலிருந்து BC-க்குக் குத்துயரம் 4.8 செ.மீ. உள்ள முக்கோணம் வரைக. அளவுகோலும் கவராயமும் மட்டும், பாகைமானி கூடாது.

ஆனால் முதலில் நான் படித்தது 4.8 அல்ல, 5.8. தாளின் மடிப்பு அந்த முதல் இலக்கத்தின் மேலேயே போயிருந்தது. எல்லாம் வரைந்து முடித்தால் உயரத்துக்கான கோடு வட்டத்தைத் தொடாமல் மேலே போகிறது. உடனே கவராயத்தின் மேல் கோபம் வந்தது, மறுபடி விரிந்துவிட்டது என்று. அது நியாயமில்லை. ஏன் என்பது வரைமுறையிலேயே தெரியும்.

முதலில் BC = 6 செ.மீ. வரையுங்கள். கவராயத்தை அதே 6 செ.மீ.க்கு விரித்து, B-யை மையமாக வைத்து BC-க்கு மேலும் கீழும் வில் போடுங்கள். அளவை மாற்றாமல் C-யிலிருந்தும் அப்படியே போடுங்கள். மேலே வெட்டுவது P, கீழே வெட்டுவது Q. PQ-வைச் சேர்த்து மேலே இன்னும் ஐந்து செ.மீ. நீட்டிவிடுங்கள். இதுதான் BC-யின் மையக்குத்துக்கோடு. BC-யை அது வெட்டும் புள்ளி G.

இப்போது PBC ஒரு சமபக்க முக்கோணம். கவராயம் இன்னும் 6 செ.மீ.யில்தான் இருக்கிறது. P-யிலிருந்து ஒரு வில், C-யிலிருந்து ஒரு வில், இரண்டும் B-க்கு எதிர்ப்பக்கத்தில் வெட்டட்டும். அந்தப் புள்ளி R. BR-ஐச் சேர்த்தால் அது கோணம் PBC-யை இரண்டு 30° ஆகப் பிரிக்கும். BR-உம் PQ-உம் வெட்டும் இடம் O. O-வை மையமாகவும் OB-யை ஆரமாகவும் கொண்டு வட்டம் போடுங்கள்.

இந்த வட்டம் C வழியாகவும் P வழியாகவும் போயே ஆக வேண்டும். P-யில் BC தாங்கும் கோணம் 60°. ஒரே நாண் அதே பக்கத்து வில்லின் எல்லாப் புள்ளியிலும் ஒரே கோணத்தைத்தான் தாங்கும். அதனால் A அந்த மேல் வில்லில் எங்கிருந்தாலும் கோணம் 60°தான்.

எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கக் காரணம் P என்ற அந்த ஒரு புள்ளி. வழக்கமாகச் சொல்லித் தரும் வழியில் B-க்குக் கீழே 60° வரைந்து, அதற்குச் செங்குத்து எழுப்பி O-வைக் கண்டுபிடிப்பார்கள். அதுவும் சரியான வழியே, எந்தக் கோணத்துக்கும் பொருந்தும். இந்தச் சுருக்கமோ 60°க்கு மட்டும்தான். ஆனால் இதில் வரைந்தவருக்கே ஒரு சோதனை கிடைக்கிறது. வட்டம் P-யை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் எங்கோ விரிப்பு நழுவியிருக்கிறது. என் மூட்டு தளர்ந்திருப்பதைப் பலமுறை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்தது உயரம். கவராயத்தை 4.8 செ.மீ.க்கு வைத்து, G-யிலிருந்து மேல்நோக்கி PQ கோட்டில் M-ஐக் குறியுங்கள். அதே அளவில் M-லிருந்து இன்னும் மேலே N-ஐக் குறியுங்கள். பிறகு 4.8-ஐவிடப் பெரிதாக, சுமார் 6 செ.மீ. விரித்து, G-யிலிருந்தும் N-லிருந்தும் இருபக்கமும் வில் போட்டு, வெட்டும் இரண்டு புள்ளிகளையும் சேருங்கள். அந்தக் கோடு M வழியாக BC-க்கு இணையாகப் போகும். அது வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களில் ஒன்றை A என்று எடுத்து AB, AC-யைச் சேருங்கள். இன்னொன்றை எடுத்தாலும் கண்ணாடிப் பிம்பம்போல அதே முக்கோணம்தான். இடது புள்ளியை எடுத்தால் AB 5 செ.மீ.யும் AC சுமார் 6.7 செ.மீ.யும் வரும், அளந்து பார்த்துக்கொள்ளலாம். வில்களை மட்டும் அழித்துவிடாதீர்கள், திருத்துபவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

இப்போது அந்த 5.8-க்கு வருவோம். வட்டத்தின் உச்சிப் புள்ளியே P. அதன் உயரம் சுமார் 5.2 செ.மீ. அதற்கு மேல் எந்த உயரம் கேட்டாலும் முக்கோணமே இல்லை. ஆகவே கோடு வட்டத்தைத் தொடாமல் போனால் கவராயத்தைத் திட்டுவதற்கு முன் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். தாளை விரித்துவைத்து நேர் மேலிருந்து எடுத்த படம் வந்ததும் 4.8 தெளிவாகத் தெரிந்தது. சாய்வாக எடுத்த படத்தில் கோணமும் நீளமும் மாறிவிடும் என்பதால், படத்திலுள்ள வரைபடத்தை அளந்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

கவராயத்துக்கு வருகிறேன். எல்லா வில்லுக்கும் ஒரே அளவு துல்லியம் தேவையில்லை. கடைசியில் சொன்ன "சுமார் 6" சற்று முன்பின் ஆனாலும் குறையில்லை, G-க்கும் N-க்கும் ஒரே விரிப்பாக இருந்தால் போதும். ஆனால் P-யையும் R-ஐயும் தரும் அந்த 6 செ.மீ. அசையவே கூடாது. என் கவராயம் நழுவுவது சரியாக அந்த இடத்தில், நான்கைந்து வில் தொடர்ந்து போடும்போதுதான். காலைப் பிடித்துச் சுழற்றாமல் மேலே உள்ள குமிழை மட்டும் இரு விரலால் உருட்டினால் நழுவல் மிகவும் குறைகிறது.

வேலையைத் தொடங்கும் முன் வேறு தாளில் ஒரு முழு வட்டம் போட்டு, அதே விரிப்பில் சுற்றிலும் ஆறு முறை எட்டு வையுங்கள். ஆறாவது எட்டு தொடங்கிய புள்ளியிலேயே விழ வேண்டும். ஒவ்வொரு எட்டிலும் 0.2 மி.மீ. பிழை இருந்தால் கடைசியில் 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியும். வாஷர் வைத்த பிறகு என்னுடையது அச்சாக வந்து விழுகிறது. கோடு மெல்லியது, ஊசி தாளில் வழுக்கவில்லை, கைக்கு எடை சரியாக இருக்கிறது. இந்த விலைக்கு இதைவிடச் சுத்தமாக வட்டம் போடும் கருவியை நான் கையில் பிடித்ததில்லை.

இருந்தும் நண்பரிடம் இதை வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். நடுவில் திருகுச் சக்கரம் உள்ள வகையைப் பார்க்கச் சொன்னேன். விரிப்பை மாற்ற நேரமாகும், ஆனால் வைத்த இடத்தில் நிற்கும். தேர்வுக் கூடத்தில் அந்தப் பெண்ணின் கையில் திருப்புளி இருக்காது. என்னுடையதைக் கேட்டார், அதையும் கொடுக்கவில்லை.