ஊசல் அட்டவணைப் படத்திலிருந்து g மதிப்பு: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் செய்முறை நடத்துபவன் நான். 2020 ஊரடங்கின்போது ஆய்வகம் பூட்டிக் கிடந்ததால், தனி ஊசல் சோதனையை வீட்டிலேயே செய்து, அளவீட்டு அட்டவணையைக் கைபேசியில் தட்டச்சு செய்து, அதன் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பும்படி மாணவர்களிடம் கூறினேன். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. அன்று முதல் இன்று வரை, வந்து சேரும் ஒவ்வொரு படத்திலும் உள்ள எண்களை LibreOffice Calc விரிதாளில் ஏற்றி, நேர்க்கோடு பொருத்தி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்து வருகிறேன். இந்த முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே ஏமாற்றிவிடுகிறது என்பதை இதே வேலையைச் செய்யும் ஆசிரியர்களுக்காகவும் மாணவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் வந்த ஓர் அட்டவணையை இன்றும் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அந்த மாணவியிடம் ஊசல் குண்டு இல்லை. சிறிய பித்தளைப் பூட்டு ஒன்றை நூலில் கட்டி, சன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டு, கம்பி முதல் பூட்டின் வளைவு வரை நூலின் நீளத்தை மட்டும் அளந்திருந்தார். "சார், பூட்டோட நடு எங்க இருக்குன்னு எப்படி அளக்குறது?" என்று அவர் கேட்டபோது, இப்போதைக்கு நூலை மட்டும் அளந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். கைபேசிக் கடிகாரம் நூறில் ஒரு பங்கு வினாடியைக் காட்டினாலும், விரலின் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது என்பதால் ஒரு தசம இடத்தோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன். நூலின் நீளம் 50, 60, 70, 80, 90, 100 செ.மீ.; இருபது அலைவுகளுக்கான நேரம் முறையே 29.1, 31.7, 34.2, 36.5, 38.6, 40.7 வினாடி.

ரெக்கார்டு நோட்டில் வழக்கமாகச் செய்வதுபோல, ஒவ்வொரு வரிசைக்கும் 4π²L/T² என்று தனித்தனியே g கண்டு சராசரி எடுத்தால் இந்த அட்டவணை 9.46 மீ/வி² என்று சொல்லும். சென்னையின் அகலாங்கில் எதிர்பார்க்க வேண்டிய மதிப்பு ஏறத்தாழ 9.78. மூன்று விழுக்காட்டுக்கும் மேல் குறைகிறது. மாணவி கவனக்குறைவாகச் செய்தார் என்று முடிவுகட்டுமுன் அந்த ஆறு மதிப்புகளையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். 50 செ.மீ.க்கு 9.32 என்று தொடங்கி, நூல் நீளநீள ஏறிக்கொண்டே போய், கடைசி இரண்டு வரிசைகளில் 9.53-ஐ ஒட்டி நிற்கின்றன. கைத்தவறு என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். இப்படி ஒரே திசையில் ஏறாது. எல்லா நீளங்களிலும் ஒரே அளவு குறைந்திருக்கிறது என்பதற்கே இது அடையாளம், ஏனெனில் அந்தக் குறை குட்டையான ஊசலைத்தான் அதிகமாகப் பாதிக்கும்.

நேர்க்கோடு உதவுவது இந்த இடத்தில்தான். அளக்காமல் விட்ட நீளத்தை e என்று கொண்டால் T² = (4π²/g)(L + e) என்றாகிறது. T²-ஐ மேல்நோக்கிய அச்சிலும் L-ஐக் கிடை அச்சிலும் வைத்துக் கோடு பொருத்தினால், சாய்வில் g மட்டுமே இருக்கும். e முழுவதும் வெட்டுத்துண்டுக்குள் போய்விடும். விரிதாளில் A பத்தியில் மீட்டரில் நீளம், B-யில் இருபது அலைவுகளின் நேரம், C-யில் அதை இருபதால் வகுத்தது, D-யில் அதன் வர்க்கம் என்று வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் எழுதுகிறேன்:

```
=4*PI()^2/SLOPE(D2:D7,A2:A7)
=INTERCEPT(D2:D7,A2:A7)/SLOPE(D2:D7,A2:A7)
```

முதலாவது g-ஐத் தருகிறது. இரண்டாவது e-ஐ மீட்டரில் தருகிறது. மேற்கண்ட அட்டவணைக்குச் சாய்வு 4.047, வெட்டுத்துண்டு 0.0895. ஆகவே g 9.75, e 2.2 செ.மீ. மாணவியைத் திரும்ப அழைத்து, பூட்டைப் பென்சிலின் மேல் குறுக்காகக் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்து, வளைவின் உச்சியிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னேன். 2.4 செ.மீ. என்று பதில் வந்தது. பூட்டைத் தொடாமலே, ஆறு நேர அளவீடுகள் அதன் ஈர்ப்பு மையத்தை ஏறத்தாழச் சரியாகச் சுட்டியிருந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடும்போது எனக்கு மகிழ்ச்சி குறையவில்லை.

ஊசலின் உண்மையான நீளம் எந்தப் புள்ளி வரை என்பது பழைய சிக்கல். 1817-இல் ஹென்றி கேட்டர் தலைகீழாகவும் தொங்கவிடத்தக்க ஊசலை அமைத்தது இதைத் தவிர்க்கத்தான். சென்னை வான்காணகத்தில் ஜான் கோல்டிங்காம் 1821-இல் ஊசல் சோதனைகளை நடத்தினார் என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது, அவர்கள் கையிலிருக்கும் நூலும் பூட்டும் அந்த வரிசையில் வருபவைதான் என்று சேர்த்துச் சொல்வது என் வழக்கம்.

கோட்டை ஆதிப்புள்ளி வழியாகத்தான் செலுத்த வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். நீளம் சுழியானால் அலைவு நேரமும் சுழிதானே என்பது அவர்கள் வாதம். கொள்கையளவில் அது சரி. ஆனால் நாம் அளந்த நீளத்துக்கு அது பொருந்தாது. இதே அட்டவணைக்கு ஆதிப்புள்ளி வழியாகக் கோடு போட்டால் g 9.49 ஆகிவிடுகிறது, அதாவது தவிர்க்க நினைத்த பிழை அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. வெட்டுத்துண்டு உண்மையிலேயே சுழியிலிருந்து விலகியிருக்கிறதா என்று அறிய LINEST சார்பின் மூன்றாவது, நான்காவது இடங்களில் TRUE கொடுத்தால் போதும்; இரண்டாம் வரிசையில் திட்டப்பிழைகள் வந்துவிடும். இங்கே வெட்டுத்துண்டின் திட்டப்பிழை 0.0105. மதிப்போ அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். சாய்வின் திட்டப்பிழையிலிருந்து g-க்கு 0.03 என்ற வரம்பு கிடைக்கிறது. 9.75 ± 0.03 என்று எழுதும்போது 9.78 அதன் விளிம்பில் இயல்பாகவே வந்து நிற்கிறது. ஆறு வரிசைகளை வைத்துக்கொண்டு மூன்றாவது தசம இடத்தை எழுதுவதற்கு நமக்கு உரிமையில்லை என்பதையும் அதே எண் சொல்லிவிடுகிறது.

இனி, படத்திலிருந்து எண்களை எடுப்பதன் தொல்லை. அனுப்பி அனுப்பிச் சுருங்கிய படங்களில் 6-உம் 8-உம் ஒன்றுபோலவே தெரிகின்றன. எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலியை நான் முதலில் முழுவதுமாக நம்பினேன். மேற்கண்ட அட்டவணையையே ஒருமுறை அது 36.5-க்குப் பதிலாக 38.5 என்று படித்துக் கொடுத்தது. அந்த ஓர் எண் மாறியதால் g 9.50 ஆகக் குறைந்தது. கவலைக்குரியது என்னவென்றால், கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டும் R² மதிப்பு அப்போதும் 0.96 இருந்தது. அதைப் பார்த்துத் திருப்தியடைந்து அடுத்த படத்துக்குப் போயிருக்க முடியும். ஊசல் தரவுக்கு 0.96 மோசமான மதிப்பு; சரியாகப் படித்த அட்டவணைக்கு அது 0.9999-ஐத் தாண்டியிருந்தது. R²-ஐ நம்புவதைவிட, ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று ஒரு பத்தியில் எழுதிப் பார்ப்பதே மேல். தவறாகப் படித்தபோது 80 செ.மீ. வரிசை மட்டும் கோட்டுக்கு மேலே 0.31 நின்றது, மற்ற ஐந்தும் கோட்டுக்குக் கீழே போயிருந்தன. ஒரு புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும். சரியான தரவில் எந்த விலகலும் 0.008-ஐத் தாண்டவில்லை, மேலும் கீழுமாகவும் சிதறியிருந்தன.

இன்னொரு சோதனை படத்துக்குள்ளேயே இருக்கிறது. மாணவர்கள் T, T² பத்திகளையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். அவற்றை நான் தரவாக ஏற்றுவதில்லை, காரணம், 1.825-ஐ 1.83 என்று முழுமையாக்கி, அதன் வர்க்கத்தை எடுத்திருப்பார்கள். ஆனால் சரிபார்க்க அவை மிகவும் பயன்படுகின்றன. செயலி தந்த 38.5-ஐ இருபதால் வகுத்தால் 1.925, படத்தில் இருப்பதோ 1.83. பொருத்தும் முன்பே தவறு வெளிப்பட்டுவிடுகிறது. அதனால் இப்போது நேர அளவீட்டுப் பத்தியை என் கையாலேயே தட்டச்சு செய்து, T பத்தியோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மேலே செல்கிறேன். ஆறு வரிசைக்கு இரண்டு நிமிடம் ஆகிறது.

கோடு பார்க்கத் தவறும் பிழைகளும் உண்டு. பூட்டை அகலமாக இழுத்து விட்டால் அலைவு நேரம் கூடும். பத்து பாகை வீச்சுக்கு g சுமார் 0.04 மட்டுமே குறைகிறது. இருபது பாகைக்கு 0.15 குறைகிறது. எல்லா நீளங்களுக்கும் ஒரே கோணத்தில் இழுத்திருந்தால் கோடு அழகாக நேராகவே இருக்கும், வெட்டுத்துண்டும் காட்டிக்கொடுக்காது. இதற்கு நான் செய்வதெல்லாம், ஒரு மீட்டர் நூலுக்குப் பத்து செ.மீ.க்கு மேல் இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வதுதான்.

இதைவிடப் பெரிய தொல்லை எண்ணிக்கையில் வருகிறது. கடிகாரத்தை அழுத்தும் கணத்தில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்குபவர், இருபது என்று சொல்லும்போது பத்தொன்பது அலைவுகளே முடிந்திருக்கும். நேரம் எல்லா வரிசைகளிலும் இருபதில் பத்தொன்பதாகச் சுருங்குவதால் கோட்டில் ஒரு குறையும் தெரியாது. g மட்டும் 10.8 அருகே வந்து நிற்கும். இரண்டு ஆண்டுகள் 10.8 வந்த படங்களையெல்லாம் திருப்பி அனுப்பி மறுபடி செய்யச் சொன்னேன். மூன்றாம் ஆண்டிலிருந்து, கடிகாரத்தை நிறுத்தாமலே பத்தாவது எண்ணிக்கையின் நேரத்தையும் லேப் பொத்தானை அழுத்திக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். அண்மையில் வந்த ஓர் அட்டவணையில் ஒரு மீட்டர் வரிசையில் பத்துக்கு 18.3, இருபதுக்கு 38.7 என்று இருந்தது. சரியாக எண்ணியிருந்தால் இரண்டாவது முதலாவதின் இருமடங்காக இருக்க வேண்டும்; இங்கே 36.6 இல்லை. இரண்டையும் கழித்தால் கிடைக்கும் 20.4 வினாடி, எங்கிருந்து எண்ணத் தொடங்கினாலும் பத்து முழு அலைவுகளின் நேரம்தான். ஆகவே T 2.04 வினாடி. அந்த மாணவரை மறுபடி செய்யச் சொல்லவில்லை. B பத்தியில் இரு நேரங்களின் வேறுபாட்டை ஏற்றி, C-யில் இருபதுக்குப் பதிலாகப் பத்தால் வகுத்துக்கொண்டேன்.