மாதம் 5,000, பத்து வருடம்: ஆர்.டி., எஸ்.ஐ.பி., சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

"மாசம் அஞ்சாயிரம் போடுங்க, பத்து வருசத்துல பதினொன்னரை லட்சம் வருமுங்க." ஈரோடு, திருப்பூர் பக்கம் சம்பளக்காரர் யாரைக் கேட்டாலும், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும் எஸ்.ஐ.பி.க்கு இப்படி ஒரு கணக்குப் படம் அவர் போனில் இருக்கும். கட்டும் தொகை, அனுமானித்த வருமானம், பத்து வருட முடிவில் மதிப்பு என்று மூன்று கட்டம். வீட்டில் பெரியவர்கள் தபால் ஆபீஸ் ஆர்.டி. என்பார்கள், பக்கத்து வீட்டு அக்கா சீட்டு என்பார். எதில் சேர்வது என்று முடிவெடுக்க நம்மிடம் இருப்பது அந்த அட்டவணைதான். அதனால் அதை எப்படிப் படிப்பது என்று பார்த்துவிடலாம்.

| வழி | கட்டுவது | அனுமானம் | 10 வருட முடிவில் |
|---|---|---|---|
| தபால் ஆபீஸ் ஆர்.டி. | 6,00,000 | 6.7% | சுமார் 8.54 லட்சம் |
| எஸ்.ஐ.பி., விளம்பரக் கணக்கு | 6,00,000 | 12% | சுமார் 11.62 லட்சம் |
| எஸ்.ஐ.பி., சரியான வருடக் கணக்கு | 6,00,000 | 12% | சுமார் 11.20 லட்சம் |

எஸ்.ஐ.பி.க்கு இரண்டு வரிசை வந்ததற்குக் காரணம் இதுதான். பல கணக்குகளில் 12 சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1% என்று வைத்துக்கொள்கிறார்கள். மாதம் 1% கூட்டுவட்டியாக ஓடினால் வருடத்துக்கு 12.68% ஆகிவிடும். வருடம் 12% என்றால் மாதத்துக்கு 0.95%தான் வரும். இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே பத்து வருடத்தில் 41,500 ரூபாய் கூடுதலாகத் தெரிகிறது. உங்களுக்கு வந்த அட்டவணையில் 5,000-க்கு 11.62 லட்சம் என்று இருந்தால், அது இப்படிப் போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.டி. வரிசையில் அப்படி எதுவும் இல்லை. 2023 அக்டோபரில் வட்டி 6.7% ஆனது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டுவட்டி. கணக்கு ஐந்து வருடத்துக்குத்தான். எழுதிக் கொடுத்து இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கலாம். நீட்டித்தாலும் கணக்குத் திறந்த நாளின் வட்டியேதான் ஓடும். நடுவில் அரசு வட்டியைக் குறைத்தாலும் உங்கள் கணக்கைத் தொடாது, ஏற்றினாலும் உங்களுக்குக் கிடைக்காது. ஆக ஆர்.டி.யில் 6.7% என்பது அனுமானமே இல்லை, ஒப்பந்தம். ஒரே கட்டத்துக்குள் ஒப்பந்தத்தையும் அனுமானத்தையும் அடுத்தடுத்து அச்சடிப்பதுதான் இந்த அட்டவணைகளின் பெரிய குறை.

12% என்ற அனுமானம் என்ன செய்யும் என்று ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒன்பது வருடம் 12% வளர்ந்து, ஒரே ஒரு வருடம் சந்தை 25% இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கம் முதல் வருடம் வந்தால், அப்போது உள்ளே இருப்பது 60,000-தான். அடி சின்னது. பத்தாவது வருட முடிவில் சுமார் 10.86 லட்சம் இருக்கும். அதே இறக்கம் பத்தாவது வருடம் வந்தால்? ஒன்பதாம் வருட முடிவில் 9.43 லட்சம் சேர்ந்திருக்கும், அது மொத்தமும் அடி வாங்கும். கடைசியில் கையில் நிற்பது சுமார் 7.59 லட்சம். ஆர்.டி.யை விட ஏறக்குறைய ஒரு லட்சம் குறைவு.

இறக்கம் ஒன்றே, வந்த வருடம் மட்டும் வேறு. அதற்கு 3.27 லட்சம் வித்தியாசம். அட்டவணையில் இதைக் காட்ட இடமே கிடையாது, ஏனென்றால் அதில் எல்லா வருடமும் ஒரே 12%தான். 2020 சனவரியில் 12,000-க்கு மேல் இருந்த நிஃப்டி சந்தைக் குறியீடு மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. நவம்பரில் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது உண்மை. ஆனால் அந்த ஏப்ரலில் பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியவர் நவம்பர் வரை காத்திருக்க முடியாது.

சீட்டுக்கு அட்டவணையில் வரிசை போடவில்லை. போடவும் முடியாது. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர், இருபது மாதம், நடத்துபவருக்கு 5% கமிஷன் என்று எடுத்துக்கொள்வோம். சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளில் கமிஷன் போக மிச்சம் இருபது பேருக்கும் பிரிந்து தவணையில் கழியும். முதல் மாதம் 30% தள்ளி எடுக்கிறார்கள், அது படிப்படியாகக் குறைந்து கடைசி மாதம் 5%-ல் நிற்கிறது என்றால், கடைசியில் எடுப்பவர் கழிவு போக மொத்தம் 87,500 கட்டி 95,000 வாங்குவார். வருடத்துக்குப் பதினொரு சதவீதத்துக்கு மேல் வரும், நல்ல வருமானம். அதே சீட்டில் தள்ளு 15%-ல் தொடங்கினால் அவர் கட்டுவதும் 95,000, வாங்குவதும் 95,000. கூட இருக்கும் பத்தொன்பது பேரின் பண முடையைப் பொறுத்துத்தான் உங்கள் லாபம். பத்து வருடத்துக்கு இப்படி ஆறு சீட்டு அடுத்தடுத்துக் கட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் கடைசி வரை பொறுத்திருக்க வேண்டும், வந்த 95,000-ஐயும் எங்காவது போட்டு வைக்க வேண்டும். அவசரத்துக்கு எடுக்க ஒரு வழி என்ற வகையில் எனக்குச் சீட்டு மேல் மரியாதை உண்டு. பத்து வருடச் சேமிப்பாக அதை நான் சொல்ல மாட்டேன். சேருவதென்றால் 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டத்தில் பதிவானதா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டுச் சேருங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்து வருமானம். பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்தாலும், சோமனூர்ப் பக்கம் தறி நின்றாலும், இரண்டு மூன்று மாதம் தவணை விடும். தபால் ஆர்.டி.யில் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், அதாவது மாதம் 50 ரூபாய். நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுபோகும். இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்கலாம். எஸ்.ஐ.பி.யில் ஃபண்டு அபராதம் போடாது, ஆனால் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் வங்கி கட்டணம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று மாதம் திரும்பினால் எஸ்.ஐ.பி. தானாகவே ரத்தாகும். முன்கூட்டியே தெரிந்தால் நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம்.

என் தேர்வைக் கேட்டால், தேதி குறித்த செலவுக்கு எட்டு வருடம் எஸ்.ஐ.பி., கடைசி இரண்டு வருடம் வங்கி ஆர்.டி. இரண்டையும் சேர்த்தே சொல்வேன். 12% ஓடினால் எட்டாம் வருட முடிவில் சுமார் 7.85 லட்சம் இருக்கும். அதில் பாதியை எடுத்து 6.5% வைப்பில் போட்டு, மிச்ச இரண்டு வருடத் தவணையையும் ஆர்.டி.க்கு மாற்றிவிட்டால், பத்தாவது வருடம் சந்தை 25% விழுந்தாலும் 9.03 லட்சம் நிற்கும். விழாமல் நன்றாகவே போனால் 11.20-க்குப் பதில் 10.66 லட்சம். 54,000 குறையும் வாய்ப்பை ஏற்றுக்கொண்டு 1.44 லட்சத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம். இதில் வரி சேரவில்லை. பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்த பணத்தின் லாபத்துக்கு, நிதியாண்டுக்கு 1.25 லட்சம் போக மிச்சத்துக்கு 12.5% வரி. ஆர்.டி. வட்டி முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேரும். அதனால் அந்தப் பாதியை ஒரே நாளில் எடுக்காமல், கொஞ்சம் மார்ச் கடைசியிலும் கொஞ்சம் ஏப்ரல் முதல் வாரத்திலும் எடுத்தால், இரண்டு நிதியாண்டின் விலக்கும் கிடைத்துவிடும்.