அண்ணன் அனுப்பிய கைக்கடிகாரம்: சீக்கோவா, சிட்டிசனா, ஓரியண்டா?

சவுதியில் தம்மாமில் இருக்கும் அண்ணன் வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கையில் புதுக் கடிகாரம். "அப்பாவுக்கு. என்ன வாட்ச்சுன்னு கண்டுபிடிங்க." பெயர் இருக்கும் இடத்தில் விளக்கு வெளிச்சம் அடித்திருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை சரியாக அசையாது. கடிகாரமோ பேட்டரி இல்லாமல் கை அசைவில் ஓடும் ஆட்டோமேட்டிக் என்று வேறு சொல்லியிருந்தான். அதனால் எங்களுக்கு இது வெறும் விளையாட்டாக இல்லை.

அறந்தாங்கியில் செல்போன் கடை வைத்திருக்கும் மாமா மூன்று பெயர் சொன்னார். மூன்றிலும் கிழமை, தேதி தெரியும். வித்தியாசம் சாவித் திருகில்தான். சீக்கோ 5-ல் அது பெரும்பாலும் 4 மணிக்கு நேரே இருக்கும். சாதாரண சிட்டிசன் ஆட்டோமேட்டிக்கில் 3 மணிக்கு நேரே. பழைய வகை ஓரியண்டில் கிழமையை மாற்ற 2 மணிக்கு நேரே தனியாக ஒரு பொத்தான் உண்டு.

படத்தில் பொத்தான் இல்லை, அதனால் ஓரியண்ட் போயிற்று. ஆனால் திருகு இடது பக்கம், 8 மணிக்கு நேரே இருந்தது. "சிட்டிசன் டைவர் வாட்ச்சுல இப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா. அது உண்மைதான். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அந்த மாடலில் கிழமைக் கட்டம் 3 மணிப் பக்கம் வரும். இதில் 9 மணிப் பக்கம் இருந்தது.

பக்கத்து வீட்டு பாயிடம் காட்டினேன். அவர் அரபி ஓதத் தெரிந்தவர். கிழமைக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "தம்பி, இது ஜும்ஆ, வெள்ளிக்கிழமை. ஆனா எழுத்து திரும்பிக் கிடக்கே" என்றார்.

அண்ணன் முன்பக்கக் கேமராவில் எடுத்திருக்கிறான். சில போன்கள் அந்தப் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகவே சேமிக்கும். தேதி 11. எப்படித் திருப்பினாலும் 11 மாதிரியே தெரிந்ததால் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. படத்தைத் திருப்பினோம். கட்டம் 3-க்கு வந்தது, திருகு 4-க்கு வந்தது. சீக்கோ 5.

என்னைக் கேட்டால் அப்பாவுக்குச் சிட்டிசன்தான் சரி. அதில் திருகைச் சுற்றியும் சாவி கொடுக்கலாம். சீக்கோ 5-ல் இப்போது வரும் சில மாடல்களிலும் அது முடியும். ஆனால் அண்ணன் வாங்கியது 7எஸ்26 இயந்திரம் உள்ள பழைய வகை. கை அசைந்தால்தான் அது முறுக்கேறும். கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணி நேரத்தில் நின்றுவிடும். அசலா போலியா என்பதும் கைக்கு வந்து பின்மூடியைப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும், படத்தில் தெரியாது.

அண்ணனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மாத்திட்டு வரவாடா?" என்றான்.

அப்பா போனை வாங்கினார். "வேணாம்ப்பா. வலது கையில கட்டிக்கிறேன்."