ரெண்டு நாள் ஸ்டால் 6,000 ரூபாய்: அறுபது பில் விழுமா?

டெரகோட்டா நகை செய்யும் தோழி ஒருத்தி, சென்னையில் மண்டபக் கண்காட்சி ஒன்றில் ஸ்டால் போடலாமா என்று கேட்டாள். பல சீசன் ஸ்டால் போட்ட கணக்கிலிருந்து அவளுக்குச் சொன்னதுதான் இது.

நோட்டீஸில் இருக்கும் 6,000-ஐ வாடகை என்று நம்ப வேண்டாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 7,080. பிளக் பாயிண்டுக்கு 500, போக வர வண்டி 1,200, உதவிக்கு ஒரு ஆள் ரெண்டு நாளுக்கு 1,400, சாப்பாடு 600. மொத்தம் 10,780. சராசரி பில் 400 ரூபாய் என்று வையுங்கள். அதில் மண், பெயிண்ட், கொக்கி, பேக்கிங், செய்கூலி 220 போனால் கையில் நிற்பது 180. ஆக, போட்ட பணம் திரும்பவே 60 பில் விழ வேண்டும். செய்கூலியைக் கழிக்காமல் "லாபம்" என்று சொல்பவர்கள் தங்கள் உழைப்பைத்தான் வாடகையாகக் கட்டுகிறார்கள்.

காலை 10 முதல் இரவு 8 வரை, ரெண்டு நாளில் 20 மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கூட்டம் வருவது மாலை 5-க்கு மேல்தான். அந்த ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி பில் போட வேண்டும் என்றால், ஆறேழு நிமிடத்துக்கு ஒன்று. கம்மல் வாங்குபவர் கண்ணாடியில் நாலு ஜோடி வைத்துப் பார்க்காமல் பணம் தர மாட்டார். அதனால் கண்ணாடி ரெண்டு வேண்டும், பில் போடத் தனி ஆள் வேண்டும். ஸ்டாலைப் பாதியாகப் பகிர்ந்தால் வாடகையும் பிளக்கும் பாதியாகும். வண்டியும் ஆளும் சாப்பாடும் குறையாது. அப்போதும் 39 பில் வேண்டும்.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் ஒன்றுதான். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, "இடம் அன்னிக்குக் காலையில பாத்துக்கலாம்" என்பது. தூணுக்குப் பின்னால், மேடைக்குப் பக்கவாட்டில், சாப்பாட்டு ஸ்டாலை ஒட்டி என்று எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடுவார்கள். கையில் பஜ்ஜியோடு வருபவர் ஜிமிக்கியைத் தொட மாட்டார். அதே 6,000-க்கு வாசலிலிருந்து மூன்றாவது மேசை இன்னொருவருக்குப் போகும். ஹால் வரைபடத்தில் ஸ்டால் நம்பரைக் குறித்து, மொத்தம் எத்தனை நகை ஸ்டால் என்பதையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். "ஐயாயிரம் பேர் வருவாங்க" என்ற பேச்சும் வேண்டாம். அதே அமைப்பாளரின் முந்தைய கண்காட்சிக்குச் சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் போய், கால் மணி நேரம் வாசலில் நில்லுங்கள். வெளியே வருபவர்களில் எத்தனை பேர் கையில் பை இருக்கிறது என்று எண்ணினால் போதும்.

நியாயமாகச் சொன்னால், நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் இந்தக் கணக்கு மாறும். கொலுவுக்கு வைத்துக்கொடுக்க ஒரே மாதிரி 25 ஜோடி கேட்பவர் ரெண்டு பேர் வந்தால் பாதி வாடகை அங்கேயே வந்துவிடும். அதற்கு சாம்பிளும், எண்ணிக்கைக்கு ஏற்ற விலை அட்டையும் மேசையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு கோபத்துக்கும் பிறகு, புரட்டாசிக்கு ஸ்டால் போடு என்றுதான் அவளிடம் சொன்னேன். ஆடியில் வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.