உருட்டுவதா, குலுக்குவதா, கவிழ்ப்பதா: கலங்கல் இன்சுலினைக் கலக்கும் முறைகளும் மாறிப்போகும் அளவும்

குளிர்பெட்டியில் இரவு முழுவதும் நின்றிருந்த 30/70 இன்சுலின் குப்பியைக் காலையில் அசைக்காமல் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், மேலே தண்ணீர் போலத் தெளிந்த நீரும் அடியில் வெண்மையான படிவும் தனித்தனியாகத் தெரியும். அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு ஒருவர் அப்படியே ஊசியில் ஏற்றுகிறார், ஒருவர் இருமல் மருந்தைப் போல வேகமாகக் குலுக்குகிறார், ஒருவர் உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டுகிறார், இன்னொருவர் உருட்டியபின் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார். நால்வரும் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரைதான் ஏற்றுகிறார்கள், ஆனால் நால்வர் உடலுக்குள்ளும் ஒரே மருந்து போவதில்லை. எந்த முறையில் எவ்வளவு மாறுகிறது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் குப்பிக்குள் இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 30/70 என்பதில் 30 பங்கு ரெகுலர் இன்சுலின். அது நீரில் முழுதாகக் கரைந்திருக்கிறது, எனவே அது கீழே படிவதில்லை. மீதி 70 பங்கு என்.பி.எச். இன்சுலின், அதாவது மீனிலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் என்ற புரதத்தோடு இன்சுலினைச் சேர்த்து உருவாக்கிய நுண்ணிய படிகங்கள். இன்சுலினோடு புரோட்டமினைச் சேர்க்கலாம் என்று டென்மார்க்கின் மருத்துவர் ஹாகெடார்ன் 1936-இல் காட்டினார், அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து இந்தப் படிக வடிவம் 1946-இல் வந்தது. என்.பி.எச். என்பதில் உள்ள ‘எச்’ அவர் பெயரைக் குறிப்பதுதான். படிகங்கள் தோலுக்கடியில் மெதுவாகக் கரைவதால்தான் இந்த இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்கிறது. ஆனால் நீரில் கரையாத எதுவும் காலப்போக்கில் அடியில் இறங்கும் என்பதால், நீண்ட நேரம் வேலை செய்யும் அதே குணமே கலக்க வேண்டிய கட்டாயத்தையும் கூடவே கொண்டுவருகிறது.

கலக்காமல் ஏற்றுவதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் விற்கும் வழக்கமான குப்பியில் 10 மில்லி மருந்து இருக்கும். மில்லிக்கு 40 யூனிட் வீதம் மொத்தம் 400 யூனிட், அதில் ரெகுலர் 120, என்.பி.எச். 280. ஒருவருக்குக் காலையில் 20 யூனிட் என்றால், அவர் அரை மில்லி ஏற்றுகிறார். நன்றாகக் கலந்திருந்தால் அந்த அரை மில்லியில் ரெகுலர் 6, என்.பி.எச். 14 இருக்கும். கலக்காமல் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து உறிஞ்சும்போது, படிவில் ஒரு பகுதி இப்போது மேலே போய்விட்ட அடிப்பாகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, ரப்பர் மூடிக்கு அருகே இருக்கும் தெளிந்த நீர் அதிகமாக ஊசிக்குள் வருகிறது. குப்பியின் முதல் 5 மில்லி தீரும்வரை, வர வேண்டிய படிகங்களில் பாதிதான் வந்தது என்று எடுத்துக்கொள்வோம். ரெகுலர் எங்கும் சமமாகக் கரைந்திருப்பதால் அது மாறாமல் 6 யூனிட்டாகவே இருக்கும், ஆனால் என்.பி.எச். 14-க்குப் பதிலாக 7 ஆகிவிடும். கோடு 20-ஐக் காட்ட, உடலுக்குள் போனது 13.

குறைந்த அளவு போய்விட்டது என்பதோடு இது முடிந்தால் பரவாயில்லை. வராமல் நின்ற படிகங்கள் குப்பியை விட்டு எங்கும் போகவில்லை. முதல் பாதியில் 140-க்குப் பதிலாக 70 யூனிட் என்.பி.எச். மட்டுமே வெளியேறியதால், மீதி 5 மில்லியில் 210 யூனிட் தங்கியிருக்கிறது. எனவே இரண்டாம் பாதியில் ஒவ்வொரு அரை மில்லியிலும் சராசரியாக ரெகுலர் 6, என்.பி.எச். 21, ஆக மொத்தம் 27 யூனிட் வரும். அதே மனிதர், அதே குப்பி, அதே கோடு, ஆனால் குப்பியின் முதல் பாதியில் 13, இரண்டாம் பாதியில் 27.

இதற்கு நடுவில் நடப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. முதல் பாதியில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்து, கலக்கும் பழக்கத்தைப் பற்றி யாரும் கேட்காமல், அளவு 26 யூனிட்டாக உயர்த்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குப்பியின் இரண்டாம் பாதியிலிருந்து 26 என்ற கோடு வரை, அதாவது 0.65 மில்லி ஏற்றும்போது, ரெகுலர் ஏறத்தாழ 8, என்.பி.எச். ஏறத்தாழ 27, ஆக 35 யூனிட் உடலுக்குள் போகிறது. தாழ்சர்க்கரை வந்து வியர்த்து நடுங்கும்போது, சாப்பாடு குறைந்துவிட்டது என்றோ அலைச்சல் அதிகம் என்றோதான் வீட்டில் காரணம் தேடுவார்கள். இன்சுலின் அளவை உயர்த்துவதற்கு முன், நோயாளியைத் தன் கண்ணெதிரே ஒருமுறை குப்பியைக் கலந்து காட்டச் சொல்வதை மருத்துவர்களும் செவிலியர்களும் தவிர்க்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சர்க்கரை மாறும் நேரத்தைக் கவனித்தால் இந்தத் தவறைச் சந்தேகிக்க முடியும். ரெகுலர் அரை மணி நேரத்தில் தொடங்கி, காலை உணவுக்குப் பிறகான ஏற்றத்தைப் பார்த்துக்கொள்கிறது. என்.பி.எச். மதிய உணவிலிருந்து மாலை வரை வலுவாக வேலை செய்கிறது, இரவில் போடும் ஊசியில் உள்ள என்.பி.எச். விடியற்காலை வரை தாங்குகிறது. படிகம் குறைந்தால், காலை உணவுக்குப் பிறகான அளவு ஓரளவு சரியாக இருக்க, இரவு உணவுக்கு முந்தைய அளவும் காலை வெறும் வயிற்று அளவும் ஏறும். படிகம் கூடினால் பிற்பகலிலோ, நள்ளிரவுக்குப் பிறகோ தாழ்சர்க்கரை வரும். இவை வேறு காரணங்களாலும் வரலாம் என்றாலும், புதுக் குப்பி திறந்ததும் சர்க்கரை ஏறுவதும் குப்பி தீரும் தறுவாயில் இறங்குவதும் திரும்பத் திரும்ப நடந்தால், முதலில் பார்க்க வேண்டியது கலக்கும் முறையைத்தான்.

வேகமாகக் குலுக்குவது கலக்காமல் இருப்பதைவிட மேல் என்று தோன்றும், படிகங்களை அது எழுப்பிவிடவும் செய்யும். ஆனால் அதோடு நுரையும் குமிழ்களும் வருகின்றன. 40 யூனிட் சிரிஞ்சில் 0.05 மில்லி அளவுள்ள ஒரு குமிழ் இரண்டு யூனிட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதாவது 20 என்று ஏற்றியதில் 18-தான் மருந்து. குமிழைத் தட்டி வெளியேற்ற நேரம் எடுத்துக்கொண்டால், அதற்குள் சிரிஞ்சுக்குள்ளேயே படிகம் மறுபடி இறங்கத் தொடங்கும். மேலும் காற்றோடு உரசி அடிபடும் இன்சுலின் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்புடையது, அப்படித் திரண்டது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே குலுக்குவதை நான் ஒரு மாற்று வழியாகக் கூடக் கருதமாட்டேன்.

இனி உண்மையான போட்டி உருட்டுவதற்கும் கவிழ்ப்பதற்கும் இடையில்தான். குப்பியைப் படுக்கை வாக்கில் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டும்போது, நீர் சுழன்று படிவை நுரையில்லாமல் பிரிக்கிறது, கையின் சூட்டில் குளிர்ச்சியும் குறைகிறது. ஆனால் அடியில் இறுகிப்போன படிவு குப்பியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர, உருட்டல் மட்டும் பெரிதாக உதவுவதில்லை. அந்த வேலையைக் கவிழ்த்து நிமிர்த்துவது செய்கிறது. எனவே ஊசி போடும் முறைபற்றிய வழிகாட்டுதல்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன: பத்து முறை உருட்டல், பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தல், பிறகு கண்ணால் பார்த்தல். கடைசியாகச் சொன்ன பார்வையே முடிவானது. குப்பி முழுவதும் பால் போல ஒரே வெண்மையாக இருக்க வேண்டும், அடியில் வெள்ளைக் கோடு தெரிந்தால் எண்ணிக்கை முடிந்திருந்தாலும் மீண்டும் தொடர வேண்டும். எத்தனை முறை உருட்டியும் துகள்கள் மிதந்தாலோ, கண்ணாடியின் உட்புறத்தில் பனி பூத்தாற்போல வெள்ளை ஒட்டியிருந்தாலோ, அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதிக்கு அருகில் வைத்து உறைந்துபோன இன்சுலினும் இப்படிக் கெட்டுப்போகும்.

இன்சுலின் பேனாவில் கவிழ்ப்பதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. அதற்குள் மருந்து இருக்கும் குழலான மூன்று மில்லி கார்ட்ரிட்ஜ் ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பதால் உருட்டினால் மட்டும் முனைக்கு முனை கலப்பது கடினம். அதற்காகவே உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் குண்டு வைக்கப்பட்டிருக்கிறது. பேனாவை மேலும் கீழும் சாய்க்கும்போது அது ஓடி மருந்தைக் கலக்கும், உருட்டும்போது இருந்த இடத்திலேயே கிடக்கும். குண்டு ஓட இடம் வேண்டும் என்பதால்தான், 12 யூனிட்டுக்குக் குறைவாக மிஞ்சினால் பயன்படுத்த வேண்டாம் என்று சில கார்ட்ரிட்ஜ்களின் குறிப்புத்தாளில் எழுதியிருக்கிறார்கள். மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் அதையும் போட்டுத் தீர்ப்பவர்கள், கார்ட்ரிட்ஜிலேயே மிகவும் நம்ப முடியாத மருந்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பேனாவை வைத்திருந்த திசையும் கணக்கில் வரும். ஊசி முனை கீழ்நோக்கியிருந்தால் படிகங்கள் முனையில் குவிந்து முதலில் வெளியேறும், மேல்நோக்கியிருந்தால் முதலில் தெளிந்த நீரே வரும். என்.பி.எச். பேனாக்களைப் பற்றி 1999-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், நோயாளிகளின் கார்ட்ரிட்ஜ்களில் இருந்த என்.பி.எச். அளவு, இருக்க வேண்டியதில் 5 சதவீதத்திலிருந்து 214 சதவீதம் வரை வேறுபட்டிருந்தது. மேலே நான் ஒரு குப்பிக்குப் போட்ட கணக்கு மிகைப்படுத்தியதன்று என்பதற்கு அந்த எண்களே சாட்சி.

கலக்கவே தேவையில்லாத வழியும் உண்டு. டெக்லுடெக், அஸ்பார்ட் ஆகிய இரண்டும் சேர்ந்த இன்சுலின் தெளிந்த நீராகவே இருப்பதால் அதை உருட்ட வேண்டியதில்லை. விலை அதிகம் என்பதும், அளவையும் நேரத்தையும் மருத்துவர் புதிதாக வகுக்க வேண்டும் என்பதும் அதன் எல்லைகள். கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ள முதியவர் தனியாக ஊசி போட்டுக்கொள்ளும் வீட்டில், இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது தகும். மற்றவர்களுக்கு, அரை நிமிடம் உருட்டிக் கவிழ்ப்பது போதும் என்பதே என் எண்ணம்.

இதுவரை கலக்காமல் போட்டுவந்த ஒருவர் இன்றே சரியாகக் கலக்கத் தொடங்க நினைத்தால், பாதி தீர்ந்த பழைய குப்பியில் அதைத் தொடங்கக் கூடாது. மேலே கண்ட கணக்கின்படி அந்தக் குப்பியின் மிச்சத்தில் படிகம் கூடுதலாக இருக்கிறது, அதை எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் ஒவ்வொரு 20 யூனிட்டும் 27 ஆகவே வரும். புதுக் குப்பியைத் திறந்து, முதல் ஊசியிலிருந்தே கலக்க வேண்டும். முந்தைய தவறால் அளவு உயர்த்தப்பட்டிருக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி எந்த அளவில் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும், முதல் சில நாட்கள் இரவு உணவுக்கு முன்பும் விடியற்காலையிலும் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவர வேண்டும்.