ஓ தாயா, நெகட்டிவ் தாயா: எந்தப் பொருத்தமின்மைக்கு எவ்வளவு கவலை?

தாயின் ரத்தம் குழந்தையின் ரத்தத்தோடு இரண்டு விதங்களில் பொருந்தாமல் போகலாம்: ஓ, ஏ, பி என்ற வகையில் ஒன்று, பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற ஆர்.எச்.சில் மற்றொன்று. தாய் ஓ நெகட்டிவ், தந்தை ஏ பாசிட்டிவ் என்றால் இரண்டு பொருத்தமின்மைகளும் வரலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

எப்போது?
வகை: தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி.
ஆர்.எச்.: தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ்.

முதல் குழந்தைக்கு?
வகை: பாதிப்பு வரலாம். ஏ, பி அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் ஓ தாயிடம் இயல்பாகவே இருக்கிறது.
ஆர்.எச்.: பெரும்பாலும் தப்பிவிடும். பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கலந்த பிறகே தாயுடல் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அது அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருச்சிதைவிலும் இக்கலப்பு நேரலாம். பலர் மருத்துவரிடம் சொல்ல மறப்பது இதைத்தான்.

கடுமை?
வகை: பெரும்பாலும் லேசானது. முதல் 24 மணி நேரத்திலேயே குழந்தையின் உடலில் மஞ்சள் தெரிந்தால், அதற்குக் காரணமான பிலிருபினின் அளவை உடனே பார்க்க வேண்டும். பலருக்கு ஒளி சிகிச்சை போதும்.
ஆர்.எச்.: கருவிலேயே கடும் ரத்தசோகை, உடல் வீக்கம் வரை போகலாம்.

தடுப்பு?
வகை: ஊசி கிடையாது.
ஆர்.எச்.: 28ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் மீண்டும் ஒன்று. எதிர்ப்பொருள் உருவாகிவிட்டால் ஊசி பயன்படாது. அதை மறைமுக கூம்ஸ் பரிசோதனை காட்டும்.

வேடிக்கை என்னவென்றால், மேற்சொன்ன தம்பதியின் குழந்தை ஏ பாசிட்டிவாக இருந்தால், தாயின் ரத்தத்துக்குள் வரும் குழந்தையின் அணுக்களை, ஓ தாயிடம் இயல்பாக உள்ள எதிர்ப்பொருள் முதலிலேயே அழித்து, ஆர்.எச். ஆபத்தை ஓரளவு குறைத்துவிடும். அதை நம்பி ஊசியைத் தவிர்க்கக் கூடாது. ஓ பாசிட்டிவ் தாய் பிறந்த குழந்தையின் மஞ்சளைக் கவனித்தால் போதும். நெகட்டிவ் தாய் கர்ப்பத்திலேயே தொடங்க வேண்டும்.